"கொஞ்சம் குறைச்சுக்கங்க சிஸ்டர்"

வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் பெண்களுக்கு இந்த வரி வராத நாளே இருக்காது. கேட்பவர் மேல் தவறில்லை, பேரம் பேசி வாங்கியே பழகியவர்கள் நாம். கடையில் என்றால் சிரித்துக்கொண்டே "கட்டாதும்மா" என்று சொல்லிவிடலாம். சாட்டில் அதே சொல்லை எழுதினால் வெடுக்கென்று இருக்கும். தவிர, ஒருவருக்குக் குறைத்து எழுதிய விலை ஸ்கிரீன்ஷாட்டாக இன்னொருவர் கைக்குப் போய்விடும். நேற்று முழு விலை கொடுத்து வாங்கியவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

அதனால் பதில் எழுதும் முன்பே கணக்கு கையில் இருக்க வேண்டும். சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவை ஒன்றை, கூரியர் உட்பட 950 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 640, கூரியர் 70, கவர், டேப் 15. சேதம், திரும்பி வரும் பார்சல் ஆகியவற்றுக்காகப் புடவைக்கு 25 ரூபாய் ஒதுக்குகிறோம். மொத்தம் 750, கையில் நிற்பது 200. இப்போது ஒருவர் "850க்குத் தாங்க" என்கிறார். விலையில் பத்தில் ஒரு பங்குதான் குறைவது போலத் தெரியும். உண்மையில் போவது லாபத்தில் சரிபாதி. பத்துப் புடவையில் கிடைத்த 2000 ரூபாயைச் சம்பாதிக்க இனி இருபது புடவை விற்க வேண்டும். இருபது பேருடன் பேச வேண்டும், இருபது பார்சல் கட்ட வேண்டும்.

ஒரு புடவைக்கு 200 ரூபாய் அவசியம் என்று முடிவு செய்துவிட்டால், ஒற்றைப் புடவையில் குறைக்க இடமே இல்லை. இரண்டாக எடுத்தால் இடம் பிறக்கிறது. இரண்டும் ஒரே பார்சலில் போவதால் கூரியர் 140க்குப் பதில் 90 ஆகிறது என்று வைப்போம். பேக்கிங்கிலும் ஒரு பத்து ரூபாய் மிச்சம். ஆக 60 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் 50 ரூபாயை வாங்குபவருக்குக் கொடுத்தாலும் நம் 400 ரூபாய் அப்படியே நிற்கும். பதிலை இப்படி எழுதலாம்:

"அக்கா, இந்தப் புடவை 950தான், கூரியரும் இதுலயே வந்துடுது. ரெண்டா எடுத்தீங்கன்னா ஒரே பார்சல்ல போட்டுடுவேன், 50 ரூபாய் குறைச்சு 1850க்குத் தரேன். இதே டிசைன்ல மாம்பழ மஞ்சளும் இருக்கு, போட்டோ அனுப்பட்டுமா?"

இதில் "முடியாது" என்ற சொல்லும் இல்லை, மன்னிப்பும் இல்லை. குறைப்புக்குக் காரணம் தெரிகிறது. கடைசி வரி பேச்சை விலையிலிருந்து புடவைக்குத் திருப்புகிறது. மறுபடியும் "900?" என்று வந்தால், "எல்லாருக்கும் இதே விலைதான்க்கா. வேணும்னா சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்பது போதும். சொன்னபடி எடுத்தும் வைக்க வேண்டும். மூன்றாவது முறை கேட்டதும் இறங்கினால், அடுத்த முறை அவர் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

பேரத்துக்கென்று முன்கூட்டியே 100 ரூபாய் ஏற்றிப் போடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்கத் தெரியாதவர் அதிகம் கொடுக்கிறார். அடுத்த குரூப்பில் விலை பார்ப்பவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விடுகிறார்.

"வேற குரூப்ல இதே புடவை 780" என்று ஒருவர் எழுதினால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். டிசைன் ஒன்றாக இருந்தாலும் அதில் பிளவுஸ் துணி சேராமல் இருக்கலாம், கூரியர் தனியாக இருக்கலாம். மெழுகு அச்சுப் புடவையில் டிசைன் இரு பக்கமும் தெளிவாகத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் பெரும்பாலும் பின்பக்கம் மங்கலாக இருக்கும். உங்கள் புடவையின் பின்பக்கத்தைப் படமெடுத்து, "நம்மகிட்ட இருக்கறது இதுக்கா, அவங்ககிட்டயும் பின்பக்கம் போட்டோ கேட்டுப் பாருங்க" என்று அனுப்பினால் போதும். அடுத்தவர் சரக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எல்லா விதத்திலும் ஒன்றேதான் என்று தெரிந்தால், பேச வேண்டியது உங்களுக்குச் சரக்கு கொடுப்பவரிடம்.

குறைக்க வேண்டிய சரக்கும் உண்டு. மடிப்பில் நிறம் மங்கியது, சின்னத் தறிப் பிழை உள்ளது, ஒரே ஒரு நிறம் மட்டும் தங்கிவிட்டது போன்றவை. அவற்றைக் காரணத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி ஸ்டேட்டஸில் போட்டு விற்பது நல்லது.

விலை சரியா என்பதை சாட்களே காட்டிவிடும். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் வசதி இருக்கிறது. குறைக்கக் கேட்டு, முழு விலைக்கே வாங்கியவர்களுக்கு ஒரு லேபிள். கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு இன்னொன்று. விலையைப் பார்த்ததுமே பேச்சை நிறுத்தியவர்களுக்கு மூன்றாவது. மாதக் கடைசியில் முதல் கூட்டம் பெரிதாக இருந்தால் விலையைத் தொட வேண்டாம். மூன்றாவது பெருத்துக்கொண்டே போனால், விலையையோ படத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு, புதுச் சரக்கு வரும்போது படத்தோடு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். பழைய பேரத்தை அதில் எடுக்கக் கூடாது.