வலிமை மூன்று வகை: பிள்ளைகளுக்கு எது, எப்போது?

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப்பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்ச் முறையில் அவர் தூக்கியது 149 கிலோ. நம் வீட்டுச் சமையல் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அப்படி ஐந்து சிலிண்டரை ஒரே மூச்சில் தரையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோனதற்குச் சமம்.

ஒருவர் ஒரே ஒரு தடவை செலுத்தக்கூடிய மிக அதிக விசைதான் உச்ச வலிமை. ஆனால் சதீஷுக்கு அது மட்டும் போதாது. கம்பி மேலே வரும் அந்த நொடிக்குள் விசை முழுவதும் வெளிப்பட வேண்டும். இதுவே வெடிப்பு வலிமை. பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுபவர் பலகையை உதைக்கும்போதும், குண்டு எறிபவர் கையை நீட்டும்போதும் பயன்படுவது இதுதான். மூன்றாவது வலிமைத் தாங்குதிறன். கயிறு இழுக்கும் போட்டியில் முதல் இழுப்பில் முந்திய அணி ஒரு நிமிடத்தில் தளர்ந்து தோற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குறைந்தது இதுதான்.

பதின்வயதுப் பிள்ளைகள் தாங்குதிறனிலும் சரியான அசைவிலும் தொடங்குவது நல்லது. முறையாகச் செய்தால் எடைப்பயிற்சி உயரத்தைக் குறைப்பதில்லை. ஆனால் வளரும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது, எலும்பைவிட மென்மையானது. ஜிம்மில் நண்பர்களோடு பந்தயம் கட்டி, "எவ்வளவு தூக்க முடியும் பார்ப்போம்" என்று சோதிக்கும்போதுதான் முதுகும் தோளும் அடிபடுகின்றன.

ஆறு தண்டால் மட்டுமே எடுக்க முடிகிற 14 வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். அவன் கையை உறுதியான திண்ணையின் மேல் ஊன்றி, 8 முறை வீதம் இரண்டு சுற்று செய்யட்டும். சுற்றுகளுக்கு இடையே ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. இடுப்பு தொங்காமல் 12 முறை வந்தபின் தரைக்கு இறங்கலாம். உட்கார்ந்து எழுவதும் இதே கணக்குத்தான். அது நன்றாக வந்தபின் வெடிப்பு வலிமைக்காக, உடல் சூடேறியதும், மணலில் அல்லது புல்லில் ஐந்து தாண்டல் வீதம் மூன்று சுற்று சேர்க்கலாம். முழங்கால் உள்பக்கம் மடங்கினாலோ, இறங்கும் ஓசை பலமாகக் கேட்டாலோ அன்றைக்கு அது போதும். பெண்பிள்ளைகளுக்கும் இதே முறைதான்; வீட்டு முற்றமே போதும்.

தசையில் ஓரிரு நாள் இருக்கும் வலி இயல்பானது. மூட்டிலோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டிலோ ஒரே இடத்தில் வலி நீடித்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் வேண்டாம். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்துக் குறைவாகச் செய்தால் போதும்.

உச்ச எடையைத் தூக்கிப் பார்ப்பது, உடல் வளர்ந்து, அசைவு பழகி, பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும் காலத்துக்கு உரியது. சதீஷ் கிளாஸ்கோவில் தூக்கியபோது அவருக்கு வயது 22.