ஒரு சோபா, நான்கு உறைகள், ஒரு கண்டாங்கி

வீட்டுக் கடன் விண்ணப்பங்களின் பொருட்டு வாடிக்கையாளர்களின் இல்லங்களுக்குச் செல்வது எங்கள் பணியின் ஒரு பகுதி. பத்திரங்களைச் சரிபார்க்கும் வேளையில் அமர்வதற்கு முதலில் காட்டப்படுவது வரவேற்பறைச் சோபாவே. அதன்மீது கிடக்கும் குஷன்களை நகர்த்தி இடம் செய்துகொண்டுதான் பெரும்பாலும் அமர வேண்டியிருக்கும். பல நிறங்களிலும் பல துணிகளிலும் குஷன்கள் இருந்தும் ஒழுங்காகத் தோன்றும் வீடுகள் உண்டு. நல்ல விலையுள்ள உறைகள் இருந்தும் கடையில் கழித்துவிட்ட சரக்கைக் குவித்ததுபோல் தோன்றும் வீடுகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்னவென்பதை ஈஜிபுராவிலுள்ள எங்கள் சொந்த வரவேற்பறையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் சோபா மூவர் அமரக்கூடியது; வெளிர் சாம்பல் நிறம். அதன்மீது ஏழு குஷன்கள் இருந்தன. ஏழும் பதினாறு அங்குலச் சதுரம். கண்ணாடி வேலைப்பாடு கொண்டவை இரண்டு, பெரிய பூப்போட்டவை இரண்டு, பொன்னிற வெல்வெட் ஒன்று, நீலக் கோலம் அச்சிட்டவை இரண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டில், தள்ளுபடியைக் கண்டு வாங்கியது. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதுவும் குறை சொல்லத்தக்கதன்று. இந்நிலையில், மறைந்த என் அன்னையின் கண்டாங்கிச் சேலை ஒன்றைக் குஷன் உறையாக்கலாம் என்று என் மனைவி கூறினார். பெட்டியில் மடிப்பு மடிப்பாக இற்றுப்போவதைவிட அன்றாடம் கண்ணில் படட்டும் என்பது அவர் எண்ணம். ஏழோடு அது எட்டாவதாகச் சேர்ந்தால் எவர் கண்ணிலும் தனித்துப் படாது என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே, மற்றவற்றை அந்தச் சேலைக்கேற்ப மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

முதல் விதி இங்கேதான் தொடங்குகிறது: பல துணிகளைச் சேர்க்கும்போது ஒன்று தலைமைத் துணியாக இருக்க வேண்டும். மற்றவை தத்தம் நிறங்களை அதிலிருந்தே பெற வேண்டும். காரைக்குடிப் பகுதியில் நெய்யப்படும் கண்டாங்கி, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பருத்திச் சேலை. அழுத்தமான நிறங்களும் பெரிய கட்டங்களும் அதன் அடையாளம். அன்னையின் சேலையில் அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு என மூன்று நிறங்கள் இருந்தன. சோபாவின் சாம்பலோடு இம்மூன்றும் போதும் என்று வரையறுத்தவுடனேயே நீலக் கோலமும் பச்சை இலைகள் நிறைந்த பெரிய பூக்களும் தாமாகவே விலகின. நிறத்தை முதலில் வரையறுப்பவருக்குத் துணி தேடும் வேலை பாதியாகக் குறைகிறது.

இரண்டாவது, வடிவின் அளவு. குழப்பத்திற்குப் பெரும்பாலும் காரணமாவது இதுவே. கட்டமும் பூவும் கோடும் ஒரே சோபாவில் இருக்கலாம்; ஆனால் அவை ஒரே அளவில் இருத்தல் கூடாது. வாசலில் நிற்பவருக்கும் சோபாவுக்கும் இடையே ஏறத்தாழ பத்தடி தூரம் இருக்கும். அத்தூரத்தில் அரை அங்குலப் பூ அச்சு ஏறக்குறைய வெற்றுத் துணியாகவே தோன்றும். ஓர் அங்குலக் கோடு மெல்லத் தெரியும். மூன்று அங்குலக் கட்டம் தெளிவாகத் தெரியும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று படிகள் இருந்தால் கண் முதலில் பெரியதில் நின்று, பின்னர் மற்றவற்றுக்கு நகரும். மூன்று அங்குலக் கட்டத்தருகே மூன்று அங்குலப் பூவை வைத்தால் இரண்டும் ஒரே குரலில் பேசத் தொடங்கும். கண்ணுக்கு நிற்க இடம் கிடைக்காது. எங்கள் பழைய குஷன்களின் குறையும் அதுதான். பூ, கோலம், கண்ணாடி வட்டம் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு.

எனவே கண்டாங்கியின் மூன்று அங்குலக் கட்டத்திற்குத் துணையாக, வெண்மையில் ஓர் அங்குலக் கடுகு மஞ்சள் கோடிட்ட கைத்தறித் துணியையும், அரக்கு நிறத்தில் அரை அங்குலப் பூக்கள் கொண்ட அச்சுத் துணியையும் தேர்ந்தோம். நான்காவதாக ஒரு வெற்று அரக்குத் துணி. வடிவங்களுக்கு இடையே ஒரு வெற்றுத் துணியேனும் இருந்தால்தான் மற்றவை இளைப்பாறும்.

மூன்றாவது, குஷனின் அளவு. கடைகளில் பதினாறு, பதினெட்டு, இருபது அங்குலச் சதுரங்களும், இடுப்புக்கு வைக்கும் பன்னிரண்டுக்கு இருபது அங்குல நீள்வடிவமும் எளிதில் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் வரிசையில் நிற்கும் மாணவர்களைப்போல் தோன்றும். பெரியது பின்னால், சிறியது முன்னால் என்பது பொது முறை. சோபாவின் முதுகைவிடப் பின் குஷன் இரண்டு அங்குலத்திற்குமேல் உயர்ந்து நிற்கக் கூடாது. உயர்ந்தால் சரிந்து விழும்.

எங்கள் சோபாவின் கணக்கைச் சொல்கிறேன். கைப்பிடிகளுக்கு இடையே உள்ளளவு அறுபத்தாறு அங்குலம். முதுகின் உயரம் பதினெட்டு. இருக்கையின் ஆழம் இருபத்திரண்டு. இடது மூலையில் இருபது அங்குல அரக்கு வெற்றுக் குஷன். அதன்முன் கைப்பிடியிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிப் பதினெட்டு அங்குலக் கண்டாங்கி. வலது மூலையில் இருபது அங்குலக் கோட்டுக் குஷன். அதன்முன் இரண்டு அங்குலம் தள்ளிப் பூ அச்சிட்ட நீள்வடிவம். இருபுறமும் இருபத்திரண்டு அங்குலம் வீதம் போக, நடுவில் இருபத்திரண்டு அங்குலம் காலியாக நிற்கிறது. ஒருவர் எதையும் நகர்த்தாமல் அமரலாம். மூலையில் அமர்பவர் முன் குஷனை மட்டும் எடுத்தால் போதும். ஒரு புறம் மூன்று அடுக்கு வைத்தால் இருக்கையின் ஆழமே மறைந்துவிடும். பின்னர் அது பார்ப்பதற்கான சோபாவே தவிர, அமர்வதற்கானதன்று. ஏழு நான்காகக் குறைந்ததில் வீட்டில் எவருக்கும் வருத்தமில்லை.

குஷனின் உள்ளே இருப்பதும் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. பாலியெஸ்டர் நார் அடைத்த குஷன் உறையைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். பதினெட்டு அங்குல உறைக்கு இருபது அங்குல உள்குஷன். சம அளவாக இருந்தால் சில வாரங்களில் நான்கு மூலைகளும் வெறுமையாகி நாய்க்காதுபோல் தொங்கும். இலவம் பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டிப்படும். அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் தட்டிவிட வேண்டும்.

இனி, நான் பிழை செய்த இடம். சேலையை முதலில் ஒரு தையற்கடையில் கொடுத்தபோது அளவை மட்டும் சொன்னேன். கட்டத்தைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்த உறையில் ஒரு பக்கம் முழுக் கட்டம், மறுபக்கம் அரைக் கட்டம். மேல் ஓரத்தில் கோடு சரிந்து ஓடியது. எத்தனை முறை நிமிர்த்தி வைத்தாலும் குஷன் கோணலாகவே தோன்றியது. வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட இயலாது. அச்சேலை மீண்டும் கடையில் கிடைப்பதுமன்று.

இரண்டாம் முறை நாங்கள் செய்தது இது. சேலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, நூல் மெலிந்த இடங்களைக் கண்டு விலக்கினோம். உறுதியான பகுதியில் கட்டத்தின் ஓரத்தை ஊசியால் குறித்து, அங்கிருந்து ஆறு கட்டங்களை எண்ணினோம். மூன்று அங்குலக் கட்டம் ஆறு என்றால் பதினெட்டு அங்குலம். உறையின் அளவோடு கச்சிதமாகப் பொருந்தியது. தையலுக்காக நாற்புறமும் அரை அங்குலம் விட்டுப் பத்தொன்பது அங்குலச் சதுரமாக, நூலின் போக்கிலேயே வெட்டச் சொன்னோம். கட்டத்தின் அளவு வேறாயின், உறையின் அளவை அதற்கேற்பச் சற்றுக் குறைத்துக்கொள்வதே நல்லது. கட்டத்தை அறுப்பது நல்லதன்று.

பழைய துணி இழுவிசையைத் தாங்காது. ஆகவே அதன் உட்புறம் காடாத் துணி வைத்துத் தைத்தோம். அந்தக் காடாவை முன்னரே ஒருமுறை நனைத்துக் காயவைத்தல் இன்றியமையாதது. பலமுறை துவைத்த சேலை சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்திருக்கும். புதிய காடாவோ முதல் துவைப்பில்தான் சுருங்கும். நனைக்காமல் தைத்தால், பின்னர் உள்துணி சுருங்கி மேல்துணியைச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துவிடும். உறையின் பின்புறத்திற்கு வெற்றுப் பருத்தியே போதும். அதனால் சேலை மிச்சப்பட்டு இன்னோர் உறையும் கிடைத்தது. அரக்கு நிறம் சாயம் விடக்கூடியது. ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தோம். புதிய அச்சுத் துணியில் சாயம் ஏறியது. அதை மட்டும் தனியே, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துகிறோம்.

துணிகளின் தன்மையைப் பற்றியும் ஒரு சொல். மங்கலான துணிகளுக்கிடையே பளபளப்பானது ஒன்று இருக்கலாம். வெல்வெட், பட்டு, கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றும் தனித்து மின்னும். எங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஈஜிபுராவில் 2017-இல் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. சாளரத்தைத் திறந்தால் புழுதி வரும். வெல்வெட்டின் இழைகளுக்கிடையே புழுதி படிந்துவிடும். பருத்தி உறையை ஜிப்பைத் திறந்து எடுத்துத் துவைத்துவிடலாம். சாலையோர வீட்டில் குடியிருப்பவர்கள் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகுக்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நன்று.

எல்லாம் முடிந்தபின் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வாசலில் நின்று கைப்பேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர்ந்தவை எல்லாம் ஒரே மூலையில் குவிந்திருந்தால் சோபா ஒருபுறம் சாய்ந்ததுபோல் தோன்றும். எங்கள் முதல் படத்தில் அரக்கும் கண்டாங்கியும் இடதுபுறத்திலேயே கனத்துக் கிடந்தன. மிச்சத் துணியில் தைத்த இரண்டாம் கண்டாங்கி உறையை வலதுபுறம் உள்ள ஒற்றை நாற்காலியில் வைத்தவுடன் அறை நேரானது.

சோபாவே பூப்போட்டதாக இருந்தால் இம்முறை அப்படியே பொருந்தாது. அங்கே சோபாவே தலைமைத் துணி. குஷன்களில் ஒரு கோட்டுத் துணிக்குமேல் வேண்டியதில்லை.

சென்ற பொங்கலுக்குக் காரைக்குடியிலிருந்து சித்தி வந்திருந்தார். அந்த நாற்காலியில் அமரப் போனவர், குஷனைக் கையில் எடுத்து, கட்டத்தின்மீது விரலை ஓட்டி, "இது அக்கா சேலைதானே?" என்றார். அதை மடியில் வைத்துக்கொண்டே அமர்ந்தார். காப்பி வரும்வரை கீழே வைக்கவில்லை.