ஜீன்ஸ் எங்கே வெளுக்கிறது?

நீல ஜீன்ஸ் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் சாயம். குறுக்கே போகும் ஊடை வெள்ளை. அந்தப் பாவிலும் நீலம் மேலோடு சரி. இண்டிகோ நீரில் கரையாது. ரசாயனம் சேர்த்துக் கரையவைத்த தொட்டியில் நூலை முக்கியெடுத்துக் காற்றில் காட்டினால், சாயம் மறுபடி நீலமாகி நூலின் மேற்புறத்திலேயே தங்கிவிடும். பலமுறை முக்கியெடுத்தாலும் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். ஜீன்ஸ் வெளுப்பது என்பது, உரசலில் மேல்நீலம் தேய்ந்து உள்வெள்ளை தெரிவதுதான்.

'ரா' டெனிம் என்றால் தைத்தபின் துவைக்காமலே விற்பது. நெசவுக்காக நூலில் ஏற்றிய கஞ்சி அப்படியே இருப்பதால் அட்டைபோல விறைத்து நிற்கும். அதை வாங்கியவர் பல மாதம் துவைக்காமலே போட்டுக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உட்கார்ந்து எழும்போது தொடைச் சந்திலும் முழங்கால் பின்புறத்திலும் விழும் மடிப்புகளைக் கஞ்சி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேடான இடம் தேயும். பள்ளத்தில் நீலம் தங்கும். பிறகு முதல்முறை துவைக்கும்போது கஞ்சியும் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த சாயமும் போய், கோடுகள் பளிச்சென்று தெரியும். முதல் வாரமே துவைத்துவிட்டால் மடிப்பு இளகி, கால் முழுக்க ஒரே மாதிரி வெளிறும். அதிலும் குறைகிறது என்று சொல்ல மாட்டேன், அது ரசனை. ஆனால் முன்சுருக்கம் செய்யாத துணி பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கலாம். 34 அங்குலக் கால் மூன்று அங்குலம் போனால் கணுக்கால் தெரியும்.

அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்காக ஆலை செய்வதே ஸ்டோன்வாஷ். பெரிய டிரம்மில் ஜீன்ஸோடு எரிமலைக் கற்களான பியூமிஸைப் போட்டுச் சுழற்றுவார்கள். இன்று நொதிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. தொடைக் கோடுகளை உப்புத்தாளால் தேய்ப்பார்கள், அல்லது லேசரால் வரைவார்கள். மணலைப் பீய்ச்சித் தேய்த்த காலமும் உண்டு. அந்தத் தூசியால் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து பலர் இறந்த பிறகு, துருக்கி 2009-இல் அதைத் தடைசெய்தது.

ஆலை போட்ட கோட்டைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கால்களிலும் அச்சு எடுத்தாற்போல ஒரே கோடுகள் இருக்கும். உடுத்தித் தேய்ந்ததில் அந்தச் சமச்சீர் வராது: பர்ஸ் வைக்கும் பக்கம் மட்டும் சதுரமாக வெளுத்திருக்கும், சாய்ந்து நிற்கும் காலில் கோடு அதிகம் விழும்.

செல்வெட்ஜ் என்பதோ வெளுப்பைப் பற்றிய சொல்லே அல்ல. பழைய நாடாத் தறியில் ஊடை ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதால் துணியின் ஓரம் பிரியாமல் முடிகிறது. அந்த ஓரத்தில் பெரும்பாலும் சிவப்பு நூல் ஓடும். கால் மடிப்பைத் திருப்பினால் தெரியும். அது தறியைத்தான் சொல்கிறது, சாயத்தின் தரத்தை அல்ல. அந்த ஒரு கோட்டுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.