வீட்டுக் குப்பை விவகாரம்: 58 டிகிரி

பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் கீறி மட்டும் விடுங்கள் என்று சென்ற வாரம் எழுதினேன். பொட்டலக் குப்பை முழுவதையும் பற்றி இந்த வாரமே எழுதி முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 58 என்ற எண் என்னைப் பிடித்துக்கொண்டது.

வாசுதேவநல்லூர் வீடொன்றுக்குப் பார்சலில் துணி வருகிறது. உறையில் ‘கம்போஸ்டபிள்’ என்றும் ஐ.எஸ்.ஓ. 17088 என்றும் அச்சிட்டிருக்கிறது. வாழைக்கு அடியில் புதைத்துவிடலாமா?

அந்தத் தரத்தைச் சோதிக்கும் விதத்தைக் கேளுங்கள். உறையின் தூளை முதிர்ந்த தொழுவுரத்தோடு கலந்து குடுவையில் அடைத்து, 58 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். உள்ளே காற்றை அனுப்பி, வெளியே வரும் கரியமில வாயுவை அளக்கிறார்கள். உறையிலிருந்த கரிமத்தில் 90 சதவீதம் 180 நாளுக்குள் வாயுவாகிவிட வேண்டும். குப்பை விட்ட மூச்சை எண்ணித்தான் சான்று தருகிறார்கள்!

ஏன் இத்தனை சூடு? சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இத்தகைய உறைகளில் கலந்திருப்பதுண்டு. அதை நுண்ணுயிரிகள் நேரடியாகத் தின்பதில்லை. முதலில் தண்ணீர் உள்ளே புகுந்து அதன் நீண்ட சங்கிலிகளை அறுக்க வேண்டும். 60 டிகிரியை நெருங்கினால்தான் அந்தச் சங்கிலிகள் இளகி வழிவிடும். சித்திரை வெயிலிலும் மண்ணுக்கடியில் அந்தச் சூடு இருக்காது. வீட்டு உரத்தொட்டியும் சிறியது. சூடு ஏறினாலும் சீக்கிரம் தணிந்துவிடும். நீள, அகல, உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது உள்ள குவியல்தான் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும்.

கரும்பு என்றதும் சர்க்கரை ஆலை கண்ட இந்த ஊரில் கரும்புச் சக்கைத் தட்டைச் சொல்லாமல் விட முடியாது. பூச்சு இல்லாவிட்டால் அது வெறும் நார். கிழித்துப் போட்டால் வீட்டுக் குழியிலேயே மக்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய ஏடு உரிந்து வந்தால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. அது குழிக்கு ஆகாது.

ஆக, ‘கம்போஸ்டபிள்’ உறையைப் புதைக்க வேண்டாம். பேரூராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். பெரிய உரக்குவியல் இருந்து, அவர்கள் ஏற்றால் சரி. இல்லையேல் அது மட்காத குப்பை. ‘பயோடிகிரேடபிள்’ என்று மட்டும் போட்டு, தர எண்ணோ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணோ இல்லாததையும் அதிலேயே சேருங்கள். அவற்றில் சில மக்காமல், பொடியாக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும்.

பால் கவர், தண்ணீர் பாட்டில் போன்றவற்றைக் கழுவி உலர்த்தித் தனிச் சாக்கில் போட்டு வையுங்கள். அந்தச் சாக்கில் ஒரு பி.எல்.ஏ. பாட்டில் கலந்தால் உருக்கும் இடத்தில் என்ன கெடும்? அது அடுத்த வாரம், இம்முறை நிச்சயம்.