அருந்ததிக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை?

அம்மி மிதித்ததும் மணமக்களை அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பட்டப்பகலில் நடக்கும் கல்யாணத்தில் அது பேருக்குத்தான். இரவில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடினால், அதன் வால் பகுதியில் வசிஷ்டரும் அவரை ஒட்டி மங்கலாக அருந்ததியும் தெரிவார்கள். இருவருக்கும் இடையே வானில் சுமார் 12 கலை இடைவெளி. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலா ஏறக்குறைய 30 கலை அகலம்.

ஆனால் வசிஷ்டரே ஒருவரல்ல, இரட்டையர். 1617இல் கலிலியோவும் அவருடைய மாணவர் காஸ்டெல்லியும் தொலைநோக்கியில் இதைக் கண்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 14 விகலைதான். எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அது ஒற்றைப் புள்ளிதான். ஏன்?

ஒளி ஓர் அலை. வட்டத் துளை வழியே புகும்போது அது சற்று விரிகிறது. அதனால் விண்மீனின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டாகவும், அதைச் சுற்றி மங்கிய வளையங்களாகவும் விழுகிறது. 1835இல் ஜார்ஜ் ஏரி இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இரண்டு விண்மீன்கள் நெருங்கினால் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒன்றின் மையம் மற்றதன் முதல் இருள் வளையத்தில் விழும் நிலையே, இரண்டெனப் பிரித்தறியும் எல்லை என்றார் ராலே பிரபு.

கணக்கு எளிது. பச்சை ஒளிக்கு, 138ஐத் துளையின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் அந்த எல்லை விகலையில் கிடைக்கும். கண்பாவை 3 மி.மீ. திறந்திருந்தால் 46 விகலை. 12 கலை என்பது 720 விகலை, ஆகவே அருந்ததி தனியே தெரிகிறாள். 14 விகலை தெரிய வழியில்லை.

இருட்டில் பாவை 7 மி.மீ. வரை விரியுமே, அப்போது 20 விகலை வரை பிரிக்கலாமே என்று தோன்றும். நடப்பதில்லை. அகலத் திறந்த கண்ணில் வில்லையின் ஓரக் குறைகள் பிம்பத்தைக் கலைத்துவிடுகின்றன.

50 மி.மீ. தொலைநோக்கிக்கு எல்லை 3 விகலைக்கும் குறைவு. வசிஷ்டர் எளிதாக இரண்டாகிறார். கண்வில்லையை மாற்றி உருப்பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போனால் இதைவிட நெருங்கியவையும் பிரியுமா? பிரியாது. வட்டும் வளையங்களும் சேர்ந்தே பெரிதாகும், அவ்வளவுதான். விண்மீனைச் சுற்றி வளையம் தெரியத் தொடங்கினால், கருவி தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அறியலாம்.

காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு இந்தக் கணக்கு 0.06 விகலை தருகிறது. ஆனால் மேலே கொதிக்கும் காற்று பிம்பத்தை ஒரு விகலைக்கும் மேல் கலைத்துவிடுகிறது.

அந்த இரட்டையரில் பிரகாசமானவரும் தனியாள் இல்லை. 1889இல் ஹார்வர்டில் நிறமாலைக் கோடுகள் இரட்டித்துப் பிரிவதைக் கண்டு, அங்கே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். இடைவெளி ஒரு விகலையில் நூறில் ஒரு பங்கு. ஒற்றைக் கண்ணாடியால் பிரிப்பதானால் அதற்கு சுமார் 14 மீட்டர் அகலம் வேண்டும். தள்ளித்தள்ளி வைத்த கண்ணாடிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் கருவிகளால்தான் பின்னாளில் அவற்றை இரண்டாகக் காண முடிந்தது.