புகைப்படத்தில் கொழுந்தின் தரம்

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் ஏறத்தாழ ஏழு நாட்களுக்கு ஒரு முறை கொழுந்து பறிக்கப்படுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது விரும்பப்படும் அளவு. இவ்வளவு காக்கப்பட்டதா என்பதைப் புகைப்படத்தைக் கொண்டு தீர்மானிக்க முற்படுவோர், முதலில் செடியைத்தான் படமெடுக்கின்றனர். அது பயன் தருவதில்லை. மேலிருந்து எடுக்கும் படத்தில் மூன்றாவது இலை இரண்டாவதன் அடியில் மறைந்துவிடும். கூடைக்குள் சென்ற கொழுந்தோ படத்திலேயே இராது.

ஆகவே பறித்த கொழுந்தையே படமெடுத்தல் வேண்டும். கூடையின் மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுக்காமல், குவியலைக் கலந்து ஒரு பகுதியைப் பிரித்து, வெள்ளைத் துணியின்மீது ஒன்றோடொன்று படாமல் பரப்பி, நிழலில், நேர் மேலிருந்து எடுக்கவேண்டும். கடும் வெயிலில் இலை பளபளத்து நுனிமொட்டு தெரியாமற் போகும்.

இலையின் பெருமையை அளவாகக் கொள்வது தவறு. அஸ்ஸாம் இனத்தின் இலை இயல்பிலேயே பெரியது. மழைக்குப் பின் இளந்தளிரும் நீண்டு நிற்கும். மொட்டிலிருந்து கீழ்நோக்கி இலைகளை எண்ணுவதே முறை. நுனியில் கூரிய, சுருண்ட மொட்டு இருந்தால் அது வளரும் தளிர். சிறுத்து ஓய்ந்த மொட்டாயின் அது ‘பாஞ்ஜி’. இளம் பாஞ்ஜி மென்கொழுந்தோடு சேர்க்கப்படுவதுண்டு. முற்றியது முரட்டுக் கொழுந்தாகும். இரண்டாவது இலைக்குக் கீழே காம்பு நீண்டு, அதில் ஒரு கணுவும் இலை முறிந்த வடுவும் தெரிந்தால், மூன்றாவது இலை பின்னர்க் கிள்ளப்பட்டது என்று ஊகிக்கலாம். இதனைக் கவனிப்போர் மிகச் சிலரே.

எண்ணிக்கையும் எடையும் ஒன்றல்ல என்பதையும் மறத்தல் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு படத்தில் 100 கொழுந்துகள், அவற்றுள் 60 இரண்டு இலையும் மொட்டும், 25 மூன்று இலையும் மொட்டும், 15 முற்றிய பாஞ்ஜி. முதல் வகையும் பாஞ்ஜியும் தனித்தனியே 0.6 கிராம், மூன்றிலைக் கொழுந்து 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36, 30, 9 ஆகியவை சேர்ந்து 75 கிராம். அதில் நல்ல கொழுந்து 36 கிராம், அதாவது 48 சதவீதமே. எண்ணிக்கையில் 60, எடையில் 48! தொழிற்சாலைக்கு வருவது எடை. பறிப்பவரின் கைவேலையைக் காட்டுவது எண்ணிக்கை. எதைக் கணக்கிட்டோம் என்று குறிப்பிடாமல் ஒரு தோட்டத்துடன் மற்றொன்றை ஒப்பிடுவது பறிப்பவர்க்கு நியாயமாகாது.

மென்மையை மட்டும் எப்படமும் காட்டாது. பச்சை நிறத்தைப் பார்த்து முற்றலென்று சொல்ல இயலாது. நிறம் செடியின் வகையாலும் நிழலாலும் மாறும். ஐயம் தோன்றிய கொழுந்தின் காம்பைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கவேண்டும். இளங்காம்பு சட்டென்று ஒடியும். முற்றியதில் நார் இழுபடும்.