கரையும்போது வலிக்கிற உப்பு

தாராபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா, இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களை என் முன்னால் விரித்து வைத்தார். முதல் தாளில் யூரிக் ஆசிட் 9.4. மூன்று வாரம் கழித்து எடுத்த இரண்டாவது தாளில் 5.8. எண்ணை மட்டும் பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது தாள் எடுத்த நாளில்தான் அவர் அதுவரை காணாத வலியைக் கண்டார். ராத்திரி 2 மணிக்கு வலது கால் பெருவிரலின் அடிமூட்டு தீப்பிடித்தது போல எரிந்திருக்கிறது. விடிவதற்குள் தோல் சிவந்து, இழுத்துக் கட்டியது போல மினுமினுத்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது.

"மாத்திரை போட்டப்புறந்தான் கண்ணு இப்படி ஆச்சு. முன்னெல்லாம் வருசத்துக்கு ரெண்டு தடவை வரும், நாலஞ்சு நாள்ல போயிரும்" என்றார். யூரிக் ஆசிட்டைக் குறைக்கக் கொடுத்த அலோபியூரினால் அட்டையை அன்றே குப்பையில் போட்டுவிட்டார். இரண்டாவது தாளைப் பார்த்த யாரோ ஒருவர், "அதான் நார்மலா இருக்கே, இது கவுட்டே இல்லை" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா கவனித்தது சரி. மாத்திரைக்கும் அந்த வலிக்கும் தொடர்பு உண்டு. அவர் எடுத்த முடிவுதான் தவறு. மருந்து வேலை செய்யத் தொடங்கியதால் வந்த வலி அது. இதை மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

யூரிக் ஆசிட் வெளியிலிருந்து வந்த விஷம் அல்ல. நம் செல்கள் பழசாகிச் சிதையும்போது பியூரின் என்ற பொருள் மிஞ்சுகிறது. ஈரல், மீன், பீர் போன்றவற்றிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. அதைக் கல்லீரல் யூரிக் ஆசிட்டாக மாற்றுகிறது, சிறுநீரகம் பெரும்பகுதியை வெளியே தள்ளுகிறது. வெளியேற்றம் குறைந்தால் ரத்தத்தில் சேரும். உடல் சூட்டில், 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் அது கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால், சர்க்கரைப் பாகு ஆறும்போது ஓரத்தில் பூப்பது போல, மெல்ல உப்பாகப் படியத் தொடங்கும். சூடு குறைந்த இடத்தில் இன்னும் எளிதாகப் படியும். உடலின் கடைக்கோடியில் இருக்கும் கால் பெருவிரல் அப்படிப்பட்ட இடம்.

படிந்த உப்பு உடனே வலிப்பதில்லை. குருத்தெலும்பின் மேலும் மூட்டின் உள்சவ்விலும் ஊசி ஊசியாக ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அந்த ஊசிகளில் சில பெயர்ந்து மூட்டு நீருக்குள் விழும்போதுதான் தொல்லை. வெள்ளணுக்கள் அவற்றை கிருமி என்று நினைத்து விழுங்கப் போகின்றன. செரிக்க முடியாத ஊசி உள்ளே போனதும் இன்டர்லியூக்கின் என்னும் அபாயச் செய்தியை வெளியிடுகின்றன. அதைக் கேட்டு மேலும் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து குவிகின்றன. வீக்கம், சிவப்பு, எரிச்சல் எல்லாம் இந்தக் கூட்டத்தின் வேலை.

இனி அலோபியூரினால் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பியூரினை யூரிக் ஆசிட்டாக மாற்றும் நொதியை அது தடுக்கிறது. ரத்த அளவு 6.8-க்குக் கீழே இறங்கியதும், படிந்து கிடந்த உப்பு திரும்ப ரத்தத்தில் கரைய ஆரம்பிக்கிறது. இங்கேதான் சிக்கல். ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். அது சுற்றிலும் ஒரே சீராகக் கரையாது. இடுக்கு இடுக்காகக் கரைந்து பிடிப்பு விட்டுப்போய், சின்னச் சின்னத் துணுக்குகள் உதிர்ந்து அடியில் விழும். மூட்டுக்குள்ளும் அப்படித்தான். பல வருடமாக ஒட்டிக்கிடந்த உப்புப்படலம் தளர்ந்து, துணுக்குகள் மூட்டு நீரில் உதிர்கின்றன. வெள்ளணுக்களுக்கு, புதிதாக உண்டான ஊசியா, பழைய படிவிலிருந்து உதிர்ந்த ஊசியா என்ற வேறுபாடு தெரியாது.

ரத்த அளவு எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அவ்வளவு உதிரும். சித்தப்பாவுக்கு எடுத்த எடுப்பில் 300 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. துணைக்கு வேறு மருந்து எதுவும் இல்லை. 9.4-லிருந்து 5.8-க்கு மூன்றே வாரத்தில் இறங்கியது அதனால்தான்.

அந்த "நார்மல்" தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். மாத்திரையே போடாதவருக்குக்கூட, வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் ரத்தத்தில் யூரிக் ஆசிட் குறைந்து காட்டலாம். அழற்சி நேரத்தில் சிறுநீரகம் அதைக் கூடுதலாக வெளியேற்றுவது ஒரு காரணம். ஆகவே வலியன்று எடுத்த அளவை வைத்து கவுட் இல்லை என்று தள்ளக் கூடாது. வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்கவேண்டும். சந்தேகமே இல்லாமல் தெரியவேண்டுமானால், மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் அந்த உப்பு ஊசிகளைத் தேடவேண்டும்.

மாத்திரையை நிறுத்தியதால் சித்தப்பாவுக்கு என்ன ஆனது? இரண்டு மாதத்தில் அளவு பழையபடி 9-ஐத் தாண்டியது. பாதி கரைந்த படிவின்மேல் புது உப்பு ஏறியது. இப்படி நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் கரைகிற கட்டத்தின் வலியை மட்டும் அனுபவித்துவிட்டு, கரைந்து முடிந்த பிறகு வரும் நிம்மதியைக் காணாமலே இருப்போம்.

பிறகு அவரை வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் சிறுநீரக நிலையை அறிய கிரியேட்டினின் பார்த்தார். சித்தப்பாவின் இடது முழங்கை முனையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. நாங்கள் கொழுப்புக்கட்டி என்று விட்டுவைத்திருந்தோம். அதுவும் யூரிக் ஆசிட் உப்புதான் என்றார். சாதாரணமாக 6-க்குக் கீழே கொண்டுவந்தால் போதும், இப்படிக் கட்டி இருப்பவருக்கு 5-க்குக் கீழே இருந்தால் சீக்கிரம் கரையும் என்று விளக்கினார். அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்கினார். சிறுநீரகம் பழுதானவருக்கு 50-லேயே தொடங்குவார்களாம். கூடவே தினமும் ஒரு 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின். உதிரும் துணுக்குகளைத் தேடி வெள்ளணுக்கள் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு.

இந்தக் கோல்ச்சிசின் எங்கிருந்து வருகிறது என்பது தாராபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மூலனூர்ப் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் படர்ந்து நிற்கும் கண்வலிக்கிழங்குச் செடி, செங்காந்தள், அந்தப் பக்கத்துப் பணப்பயிர். நுனி சுருண்ட இலைகள் கம்பியைப் பற்றிக்கொண்டிருக்க, காலையில் ஒவ்வொரு பூவிலும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதைக்குத்தான் விலை, அதில் இருப்பது கோல்ச்சிசின். அதே செடியின் கிழங்கு உயிரைக் குடிக்கும் என்பதும் அந்த ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான். செல்லுக்குள் சாரம் கட்டியது போல இருக்கும் நுண்குழாய்களை அது சேரவிடாமல் செய்கிறது. சாரம் இல்லாத வெள்ளணு நகர்ந்து வரமுடியாமல் போகிறது. அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை, இதயம் என எல்லா இடத்துச் செல்களும் அதே கதிக்கு ஆளாகும். மாற்று மருந்து கிடையாது.

அதனால் இதை வலிநிவாரணி மாதிரி வலிக்க வலிக்கப் போட்டுக்கொள்ளக் கூடாது. முன்பு வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை கொடுக்கும் வழக்கம் இருந்தது. வலி தொடங்கியதும் கொடுக்கிற சிறு அளவே அதற்கு ஈடாக வேலை செய்கிறது, வயிற்றுப்போக்கும் மிகக் குறைவு என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே கிடைக்கும் மாத்திரைக் கணக்கில், முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5, அத்தோடு அன்றைக்கு நிறுத்தம். சிறுநீரகம் மோசமானவருக்கு இதுவும் அதிகம், அவர்களுக்கு வேறு வழி உண்டு. சளி, நெஞ்சுத்தொற்றுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கோல்ச்சிசினை உடலைவிட்டு வெளியேற விடாது. இரண்டும் சேர்ந்து உயிரிழப்பு வரை போயிருக்கிறது. காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் போகும்போதும் கோல்ச்சிசின் சாப்பிடுவதைச் சொல்லியே ஆகவேண்டும்.

துணை மருந்தாக இது எவ்வளவு உதவும்? 2004-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அலோபியூரினால் தொடங்கிய 43 பேரில் ஒரு பாதிக்குக் கோல்ச்சிசினும் மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலி வந்தது. கோல்ச்சிசின் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு வந்தது. அதாவது துணை இருந்தும் மூன்றில் ஒருவருக்கு வரத்தான் செய்யும்.

சித்தப்பாவுக்கும் வந்தது. 100-ல் ஒரு மாதம் கழித்து அளவு 8.2. 200-க்கு ஏற்றியபின் 7.1. மூன்றாவது மாதம் 300-க்குப் போனதும் 6.0, அந்த வாரம் கணுக்காலில் வலி. இந்த முறை அவர் பதறவில்லை. "கல்லு கரையுதாட்டம் இருக்குது" என்று போனில் சொன்னார். அலோபியூரினாலை நிறுத்தாமல், மருத்துவர் சொல்லிவைத்திருந்தபடி கோல்ச்சிசினைக் கூட்டிப் போட்டார். இரண்டு நாளில் நடந்தார். 400-ல் அளவு 4.8-க்கு வந்து நின்றது. 300-தான் முழு அளவு என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பலருக்கு அது போதாது. அளவு இலக்குக்கு வரும்வரை ஏற்றுவதுதான் சரியான முறை.

அலோபியூரினாலை உடனே நிறுத்த வேண்டிய நேரம் ஒன்று உண்டு. முதல் சில மாதங்களில் உடலில் தடிப்போ, காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அரிதாக வரும் அந்த ஒவ்வாமை தோலை உரித்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைந்த அளவில் தொடங்குவது அந்த ஆபத்தையும் குறைக்கும். சிறுநீரக மாற்று செய்துகொண்டு அசதியோபிரின் சாப்பிடுபவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. அலோபியூரினால் தடுக்கும் அதே நொதிதான் அசதியோபிரினையும் சிதைக்கிறது. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1960-களில் இந்த மருந்தைக் கையில் எடுத்ததே, அதே குடும்பத்துப் புற்றுநோய் மருந்து ஒன்று உடலில் சீக்கிரம் சிதையாமல் இருக்கத்தான். யூரிக் ஆசிட் குறைவது அப்போதுதான் தெரிந்தது. இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கோல்ச்சிசின் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் தொடரும். கட்டி இருந்ததால் சித்தப்பாவுக்கு அது இன்னும் சில மாதம் நீண்டது. நிறுத்திய அடுத்த மாதம் ஒருமுறை லேசாக வலித்தது, அதன்பிறகு இல்லை. போன பொங்கலுக்குப் போனபோது, சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். ஒன்றரை வருட மாத்திரைக்குப் பின் அந்தப் புளியங்கொட்டை, விரலால் தேடித் தடவினால் மட்டுமே தட்டுப்படும் மிளகு அளவில் இருந்தது.